பழுப்பு சுவிட்சின் மேடு

என் தம்பிக்கு முதல் கீபோர்டும் மவுஸும் வாங்கப் போன அன்று, கடைக்காரரைவிட அதிகம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று எனக்கு வீம்பு. மீஞ்சூரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் பில் அடிப்பது என் வேலை. அங்கே இருக்கும் கீபோர்டு மாவு பிசைவதுபோல் இருக்கும். ரப்பர் தகட்டின்மேல் உட்கார்ந்த பொத்தான்கள். அழுத்தினால் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும், எப்போது எழுத்து விழுந்தது என்று கைக்குத் தெரியாது. அதனால் "மெக்கானிக்கல் வேணும்க்கா" என்று தம்பி கேட்டபோது மற்றவர்களைப் போல நான் அவனைத் திட்டவில்லை. பேருந்தில் போகும்போதும் வரும்போதும் அதைப் பற்றியே படித்தேன்.

அவனை ஊரே திட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டுப் போனில் சுட்டுத் தள்ளும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். நைனா அவனிடம் நேரே பேசுவதையே விட்டுவிட்டார். என்னிடம்தான் சொல்வார்.

"இன்னா பண்றான் உன் தொரை? அந்த டப்பாவ நோண்டிக்கினே கெடக்கறானா?"

"போட்டியில ஜெயிச்சிருக்கான் நைனா."

"ஜெயிச்சா நண்டு வருமா?"

எங்கள் வீட்டில் மூன்றே பேர். அம்மா இல்லை. நைனாவுக்கு நெஞ்சில் மூச்சு இரைப்பு. முகத்துவாரத்தில் கடலோடு சேரும் ஏரியில் எங்கள் ஊருக்குப் பாடு உண்டு. எந்த நாள் எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டலாம் என்பதைக் குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் வழக்கம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆம்பிளையின் பேர் இருக்கும். எங்கள் வீட்டுப் பேர் நைனாவுடையது. அடுத்த குலுக்கலில் அதைத் தம்பியின் பேருக்கு மாற்றிவிட்டுக் கரையில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க அவர் நெஞ்சு இனி தாங்காது.

தம்பியோ மீஞ்சூர்ப் பையன்கள் சிலரோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் ஆடும் அணி ஒன்றில் இடம் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அவன் ஆட்டத்தைப் பார்த்து அவர்களே கூப்பிட்டார்கள். ஒரு தேர்வு ஆட்டம் வைப்பார்கள், அதில் தேறினால் சேர்த்துக்கொள்வார்கள். என் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரும் திரையும் வீட்டுக்கு வந்தன. அந்தப் பையன்களே ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைப் போட்டுக் கொடுத்தார்கள். பாக்கி கீபோர்டும் மவுஸும்.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவில் ஒரு குறுகலான கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் மவுஸ் பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்தார்.

"இருபத்தாறாயிரம் டிபிஐ. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"அவ்ளோ டிபிஐ வச்சி ஊறுகாயா போடுவாங்க?" என்று கேட்டேன். நான் அப்படித்தான். மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளியாக எண்ணிச் சொல்லும் என்பதுதான் டிபிஐ. அவனுடைய விளையாட்டில் எண்ணூறு வைத்து, விளையாட்டுக்குள்ளே வேகத்தையும் குறைத்து, முழங்கையிலிருந்து கையை வீசித்தான் குறி வைப்பார்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பார்க்கத்தான் அழகு.

தம்பி சிரித்துவிட்டான். "மொகத்துவாரத்துல எஞ்சின முழுசா முறுக்கறாப்ல இருக்கும்க்கா அது. நெனச்ச எடத்துல நிக்காது."

கடைக்காரர் ரோஷப்படவில்லை. தெரிந்த ஆட்கள் என்று கண்டுகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வேகமாக வீசினாலும் சென்சார் தடம் தவறாமல் தொடர்கிறதா, கையின் அசைவை அப்படியே சொல்கிறதா அல்லது தானாக எதையாவது கூட்டிச் சொல்கிறதா, மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கும்போது திரையில் குறி நகராமல் இருக்கிறதா, நொடிக்கு ஆயிரம் தடவை கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்புகிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கட்டைவிரல் பக்கம் இரண்டு பொத்தான் உள்ள, எடை குறைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தம்பி அதை ஒரு துணி விரிப்பின்மேல் சர் சர்ரென்று வீசிப் பார்த்தான். வலது கை அவ்வளவு லாவகமாகப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது கீபோர்டு. சின்னப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதில் வகைக்கு ஒன்றாகச் சுவிட்சுகள். மூடியில்லாமல், உள்ளே நிறத் தண்டு தெரிய நின்றன. நான் படித்திருந்தது அவ்வளவும் கண்முன்னே இருந்தது. சிவப்பு வழவழவென்று நேராக இறங்கும், நடுவில் எதுவும் தடுக்காது. பழுப்பு இறங்கும் வழியில் ஒரு சின்ன மேடு இருக்கும், அதைத் தாண்டும்போது எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்குத் தெரியும், சத்தம் பெரிதாக வராது. நீலத்தில் அந்த மேட்டோடு டிக்கென்ற சத்தமும் உண்டு. எந்த வகையானாலும் அடிவரை குத்தத் தேவையில்லை, பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடும்.

நான் பழுப்பை அழுத்தினேன். மேடு தெரிந்தது. மணலுக்கு அடியில் மட்டிச் சிப்பியின் முதுகு தட்டுப்படுகிற மாதிரி லேசாக.

"பழுப்பு எடுத்துக்கடா. சத்தமும் இல்ல, கைக்கும் தெரியும். நைனா தூங்குவாரு."

அவன் இடது கையைக் கொண்டுபோய், விளையாட்டில் விரல்கள் எங்கே நிற்குமோ அப்படியே வைத்து, சுண்டுவிரலால் சிவப்பை அழுத்தினான். பிறகு பழுப்பை. மறுபடி சிவப்பு, மறுபடி பழுப்பு.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"எப்பிட்றா ஒண்ணு?"

"ஒண்ணுதான்னு சொல்றேன்ல."

ஆட்காட்டி விரலால் அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். "இதுல இருக்குது," என்றான்.

எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கலங்கல் தண்ணீரில் கையை விட்டால் எது இறால், எது ஓடு, எது கல் என்று விரல் நுனி சொல்லும். அவனுக்குத் தெரியவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடச் சொல்லி, அவன் சுண்டுவிரலைப் பிடித்து நானே ஒவ்வொரு சுவிட்சின் மேலும் வைத்தேன். எது என்ன சொல்லு என்றேன். சிவப்பைப் பழுப்பு என்றான். பழுப்பைச் சிவப்பு என்றான். நீலத்தை மட்டும் சரியாகச் சொன்னான். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே போனது. அந்த இரைச்சலில் மறுபடி அவன் விரலால் நீலத்தை அழுத்தினேன்.

"இன்னும் அழுத்தலயாக்கா?" என்று கேட்டான்.

என் கையில் அவன் விரல். அடிவரை அழுத்திப் பிடித்திருந்தேன். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி எதையோ அடுக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன்.

கடை வாசலில் நிறுத்திக் கேட்டேன். போன பருவத்தில் முகத்துவாரத்தில் அலை படகைத் தூக்கியபோது வலைக்கயிறு அவன் இடது முழங்கையில் சுற்றி இறுக்கியது எனக்கும் தெரியும். நீலம் பாரித்துப் போயிருந்தது, நைனா எண்ணெய் தடவித் துணி சுற்றினார், வீக்கம் வடிந்தது. அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அவனுக்கு முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் அன்றைக்கு மரத்ததுதான். கயிறு பிடித்தால் நழுவுகிறது. கத்தி பட்டாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். அதனால்தான் படகை விட்டான். போனில் ஆட இரண்டு கட்டைவிரல் போதும். கட்டைவிரல்கள் நன்றாக இருந்தன. அதனால் போன்.

"போன் பைத்தியம்னு சொல்லிக்கட்டும்க்கா. பரவால்ல. கை போச்சுன்னு தெரிஞ்சா நைனா பேர மாத்தமாட்டாரு. அவரே தண்ணில எறங்குவாரு."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

ஊர் வாய்க்கெல்லாம் அவனுக்காக மல்லுக்கு நின்றவள் நான். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று நடுத்தெருவில் அழுதேன். ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போகலாம் என்றேன். தேர்வு ஆட்டம் முடியட்டும், முடிந்த அன்றே நைனாவிடம் அவனே சொல்லிவிடுகிறான் என்றான். அவன் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

உள்ளே திரும்பிப் போய் நீலத்தை வாங்கினோம். விரல் சொல்லாததைக் காது சொல்லட்டும் என்று. சுவிட்சுகளைக் கழற்றி மாட்டக்கூடிய கீபோர்டாகப் பார்த்துக் கொடுத்தார் கடைக்காரர். கிளம்பும்போது ஒரு பழுப்புச் சுவிட்சைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, "இது சும்மா. வச்சுக்கோங்க," என்றார்.

வீட்டில் அந்தச் சத்தம் ஒரு பேஜாராகத்தான் இருந்தது. டிக் டிக்கென்று ஓயாது. நைனா துண்டை எடுத்துக்கொண்டு படகு நிற்கும் இடத்துக்குப் போய்ப் படுத்தார். தம்பி ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு ஆடுவான். மூடிய காதில் விளையாட்டு, திறந்த காதில் கீபோர்டு. அழுத்தும்போது ஒரு டிக், விடும்போது அதைவிட மெல்லிய ஒன்று. அதை வைத்து, பொத்தான் விரலுக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்வான். மெள்ள மெள்ள நன்றாகவே ஆடினான். எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு அந்தப் பையன்கள் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், குறை சொல்ல முடியாது.

"அண்ணா, உங்க கீபோர்டு சத்தம் மைக்ல வருது. எதிராளி காலடிச் சத்தமே எங்களுக்குக் கேக்கல. சிவப்பு மாத்திக்கிறீங்களா? எங்ககிட்ட எக்ஸ்ட்ரா கீது."

அவர்கள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் சிவப்புச் சுவிட்சுகள். தம்பி ஒவ்வொரு நீலமாகப் பிடுங்கிவிட்டுச் சிவப்பை அமுக்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"கை மேட்டர அவங்ககிட்ட சொல்லேண்டா."

"சொன்னா பாவம்னு வச்சுப்பாங்கக்கா. பாவம்னு வச்சுக்கிட்டா அது டீமு இல்ல."

"சுண்டுவிரல்ல அமுக்கற அந்த ஷிப்ட்டயாவது மவுஸ் பக்கத்துப் பொத்தானுக்கு மாத்து. வலது கட்டவிரலு நல்லாத்தான கீது?"

மாற்றிப் பார்த்தான். கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே குறி வைத்தால் மவுஸ் இழுத்துக்கொண்டு போனது. பழகினால் வரும், ஆனால் பழக நாள் வேண்டும். தேர்வு ஆட்டம் அந்த வாரமே.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். நான் அவன் பின்னால் நின்று பார்த்தேன். அந்த விளையாட்டில் ஓடினால் காலடிச் சத்தம் எதிராளிக்குக் கேட்கும். ஷிப்ட்டை அழுத்திப் பிடித்திருந்தால் சத்தமில்லாமல் நடக்கலாம். அதைப் பிடிப்பது இடது சுண்டுவிரல். அணியில் கடைசியாக உயிரோடு இருந்தவன் அவன் மட்டும். ஒரு சுவரோரம், மிச்சமிருந்த எதிரி ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மெதுவாகப் போய்ச் சுட்டால் ஆட்டம் இவர்களுடையது. தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அவன் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் பொத்தானிலிருந்து எழும்பி அந்தரத்தில் மடங்கி நின்றது. அவன் அதை அழுத்திக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

தட் தட்டென்று அவன் காலடி எதிரிக்குக் கேட்டிருக்கும். எதிரி திரும்பித் தம்பியைச் சுட்டான்.

"அண்ணா, ஏன் ஓடினீங்க?" என்று ஒருவன் கேட்டது ஹெட்போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"அவசரப்பட்டுட்டேன் தம்பி. சாரி," என்றான் இவன்.

அவர்கள் பிறகு கூப்பிடவில்லை.

சொன்ன சொல்லைத் தம்பி காப்பாற்றினான். அன்றைக்குச் சாயங்காலமே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நைனாவின் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை வற்றிக் குழியாகிவிட்டிருந்தது. தினமும் சோறு போட்டுக் கொடுத்த எனக்கே அது அதுவரை கண்ணில் படவில்லை. நைனா அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தார். அவனைத் திட்டவில்லை. கயிறு சுற்றிய அன்று தான் எண்ணெய் தடவியதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். முழங்கையில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, சீக்கிரம் வந்திருந்தால் நல்லது, இருந்தாலும் அதை விடுவித்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அறுவை நடந்தது. நரம்பு மறுபடி வளர்ந்தால் நாளுக்கு மயிரிழை அளவுதான் வளரும், முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை வர வேண்டும், வராமலும் போகலாம் என்றார். வீட்டில் பஞ்சால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

தம்பிக்குப் பஞ்சு பிடிக்கவில்லை. பஞ்சு தொடுவது கண்ணுக்குத் தெரிந்தால் பட்ட மாதிரியே இருக்கிறது என்றான். கடைக்காரர் கொடுத்த பழுப்புச் சுவிட்சைத்தான் வைத்துக்கொண்டான். சுண்டுவிரலால் அழுத்துவான். அந்த மேடு என்றைக்குத் தெரிகிறதோ அன்றைக்குக் கை வந்துவிட்டது என்று கணக்கு. சாப்பிட்டு முடித்ததும், நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு படகுக்குப் போகும் வழியில், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அழுத்திக்கொண்டே இருப்பான். பழுப்பில் சத்தம் இல்லாததால் காது அவனை ஏமாற்றாது.

நைனாவும் அந்த விவரத்தைக் கற்றுக்கொண்டார். கீபோர்டு என்ற சொல்லே பிடிக்காத மனுஷன்.

"மேடு தெரியுதாடா?"

"இல்ல நைனா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். குலுக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பேரைக் கொடுக்கக் கடைசி நாளும் வந்தது. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தன் பேரையே கொடுத்துவிட்டு வருவதாக முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டு படி ஏறினாலே விசில் அடிக்கும் நெஞ்சு. போகும்முன் ஒரு தடவை கேட்டார்.

"தெரியுதாடா?"

தம்பி நைனாவைப் பார்த்தபடியே, மேசைமேல் சுவிட்சு போட்டு வைக்கும் டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் அழுத்தினான். முகம் மாறியது. இன்னொரு தடவை அழுத்தினான்.

"நைனா," என்றான். "லேசா என்னமோ கீது நைனா. நெஜமா."

நைனா வாசலிலிருந்து உள்ளே வந்தார். பிறகு அவன் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அம்மா போனதற்கப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "உம்பேரக் குட்த்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கினார்.

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் விரலுக்கு அடியில் இருந்த சுவிட்சை அப்போதுதான் பார்த்தேன். தண்டு சிவப்பாக இருந்தது. கீபோர்டில் மறுபடி நீலத்தை மாட்டியபோது பிடுங்கிய சிவப்புச் சுவிட்சுகளெல்லாம் அந்த டப்பாவில்தான் கிடந்தன. இரவில் பழுப்பையும் அதிலேதான் போட்டு வைப்பான். தெரிந்துகொள்ள ஒரு மேடும் இல்லாத சிவப்பைத்தான் அவன் அழுத்தியிருந்தான்.

என் கண் போன இடத்தை அவனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். டப்பாவைக் கிளறிப் பழுப்பைத் தேடி எடுத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு இல்லையென்று தலையசைத்து இரண்டையும் மேசைமேல் வைத்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன்.

தெருவில் நைனா யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டு போவது கேட்டது. "புள்ளைக்குக் கை வந்துடுச்சு."

"போய்க் கூப்டுக்கா," என்றான் தம்பி. "என்னால முடியாது."

நான் ஓடினேன். கோயில் திருப்பத்தில் எட்டிப் பிடித்தேன். நைனா திரும்பினார். ஓடி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கும் வாங்கியது. சிரிப்பு இன்னும் அவர் முகத்திலேயே இருந்தது.

"இன்னாம்மா?" என்று கேட்டார்.